கல்லா சரி, சரக்கு எங்கே?

இரவு பத்து மணி. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. கல்லாவில் இருந்த பணமும் கணினி காட்டும் அன்றைய விற்பனையும் ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகின்றன. அண்ணாச்சி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். மாதக் கடைசியில் நெய் ரேக்கை எண்ணிப் பார்க்கும்போதுதான், இருக்க வேண்டியதில் பதினோரு பாட்டில் இல்லை என்று தெரிகிறது.

பரபரப்பாக ஓடும் மளிகை சூப்பர் மார்க்கெட்டுகளில் இது அடிக்கடி நடக்கிற விஷயம். கடைக்காரர்கள் இதை ‘ஷார்ட்டேஜ்’ என்பார்கள். அந்தச் சொல் வாயில் வந்த அடுத்த நொடியே யாரோ ஒருவர் மேல் சந்தேகமும் வந்துவிடும். பெரும்பாலும் ரேக் அடுக்குகிற பையன் மேல், அல்லது புதிதாகச் சேர்ந்தவர் மேல். ஆனால் குறைந்த சரக்கெல்லாம் திருடுபோன சரக்கு அல்ல. எது திருட்டு, எது கணக்குப் பிழை, எது வந்து சேராமலே வந்ததாக எழுதப்பட்டது என்று பிரித்துப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. அதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பேனா, நோட்டு, எண்ணுகிற பொறுமை போதும்.

அமெரிக்காவின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு பெரிய கடைகளிடம் கேட்டுத் தொகுத்த கணக்கு ஒன்று உண்டு. 2022ஆம் நிதியாண்டில் அந்தக் கடைகளின் சரக்குக் குறைவு, விற்பனையில் சராசரியாக 1.6 விழுக்காடு. அதில் வெளியாட்கள் திருடியது 36 விழுக்காடு, உள்ளே வேலை பார்ப்பவர்கள் எடுத்தது 29 விழுக்காடு, நடைமுறைப் பிழைகளால் போனது 27 விழுக்காடு. நம்மூர்க் கடைக்கு இந்தப் பங்குகளை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் மூன்று வாசல்களும் கிட்டத்தட்ட ஒரே அகலத்தில் திறந்து கிடக்கின்றன என்பது கவனிக்கத் தக்கது. நம் கடைகளில் முதல் வாசலில் மட்டும் கேமராவை மாட்டிவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறோம்.

அந்தப் பதினோரு பாட்டில் நெய்க்கு வருவோம். தென்மாவட்டத்து ஊர் ஒன்றில், இரண்டு பில் கவுன்ட்டரும் பின்னால் ஒரு குடோனும் உள்ள நடுத்தரக் கடையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். மாதத் தொடக்கத்தில் அரை லிட்டர் நெய் பாட்டில் 48 இருந்தது. அந்த மாதம் இரண்டு முறை லோடு வந்தது. ஒவ்வொரு முறையும் நான்கு பெட்டி, பெட்டிக்கு 24 பாட்டில். பெட்டிக்கு ஒன்று இலவசம் என்று கம்பெனி ஸ்கீம். ஆக வரவு 200. மொத்தம் 248. கணினிப்படி விற்றது 191. மிச்சம் 57 இருக்க வேண்டும். எண்ணினால் 46.

ஒரு பாட்டிலின் கொள்முதல் விலை 340 ரூபாய் என்றால் குறைவு 3,740 ரூபாய். பாட்டிலுக்கு 34 ரூபாய் லாபம் கிடைக்கும் என்றால், போனதை ஈடுகட்ட இன்னும் 110 பாட்டில் விற்க வேண்டும். ஜிஎஸ்டி வேறு இருக்கிறது. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கடைக்காரர் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார். ஆனால் தொலைந்த, திருடுபோன, அழிந்துபோன சரக்குக்கு அந்தக் கழிவு கிடையாது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே கழித்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கும் போய், அதற்கான வரிச் சலுகையும் போகிறது.

அண்ணாச்சி யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. முதலில் கடை முழுக்கத் தேடச் சொன்னார். ரேக், குடோன், பண்டிகைக்காக வாசலருகே அடுக்கிய மேசை, பரண் எல்லாம் பார்த்தார்கள். குடோன் மூலையில் டேமேஜ் பெட்டிக்குள் மூடி கசிந்த இரண்டு பாட்டில் கிடந்தன. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப எடுத்து வைத்தவர் நோட்டில் எழுதவில்லை. இனி ஒன்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்து, அதே ரேக்கில் பக்கத்தில் இருக்கும் பொருளை எண்ணினார்கள். ஷார்ட்டேஜ் தேடும்போது பலரும் தவறவிடும் இடம் இது. ஒரு பொருள் குறைந்தால், அதன் பக்கத்துப் பொருள் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே கம்பெனியின் பசு நெய், அதே அளவு பாட்டில், லேபிளில் மட்டும் நிறம் கொஞ்சம் வேறு. அது கணக்கைவிட நான்கு பாட்டில் கூடுதலாக இருந்தது. வாடிக்கையாளர் இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்து வந்திருப்பார். கூட்ட நேரத்தில் பில் போடும் பெண் பசு நெய்யை மட்டும் ஸ்கேன் செய்து, ‘2’ என்று எண்ணிக்கையை அடித்திருப்பார். கடைக்கு இதில் நஷ்டமில்லை. ஆனால் பசு நெய் 15 ரூபாய் விலை அதிகம் என்பதால், அந்த நான்கு பாட்டிலுக்கும் வாங்கியவர்கள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்திருக்காவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனியாக ஸ்கேன் செய்ய வேண்டும், எண்ணிக்கை அடிக்கக் கூடாது என்ற விதி அன்றைக்கே வந்தது.

மீதி ஐந்து. கொள்முதல் பில்களை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது லோடு ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வந்திருக்கிறது. பில்லில் 96 பாட்டிலும், இலவசம் 4 என்றும் இருந்தது. சரக்கை இறக்கிய தம்பிக்கு நினைவு இருந்தது.

“ஃப்ரீ பாட்டில் நாலும் அடுத்த லோடுல வருதுன்னு டெலிவரிக்காரர் சொன்னாரு அண்ணாச்சி. கூட்டமா இருந்துச்சா, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்.”

வராத நான்கு பாட்டில் வந்ததாகக் கணினியில் ஏறியிருந்தது. அடுத்த லோடில் அவை வரவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பதினொன்றில் பத்துக்கு வழி தெரிந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் கணக்கில்லாமல் நிற்கிறது. அந்த ஒன்று திருடு போயிருக்கலாம். ஆனால் முதல் நாளே ரேக் பையனைக் கூப்பிட்டுப் பதினோரு பாட்டிலுக்கும் பதில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரக்கு உள்ளே வரும் இந்தப் பின்வாசல்தான் பல கடைகளில் மிகவும் பலவீனமான இடம். மாலை ஆறு முதல் ஒன்பது வரை கடையில் கூட்டம். அந்த நேரத்தில் லோடு வந்தால் பெட்டியைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது. அதனால் கூட்ட நேரத்தில் லோடு இறக்குவதில்லை என்று விநியோகஸ்தர்களிடம் உறுதியாகச் சொல்லிவிடுவது முதல் காரியம். இரண்டாவது, எண்ணுகிறவர் கையில் பில்லைக் கொடுக்கக் கூடாது. பில்லில் 96 என்று பார்த்துவிட்டால் கண்ணும் 96 என்றே எண்ணும். அளவு போடாமல் பொருள்களின் பெயர் மட்டும் எழுதிய தாளைக் கொடுத்து, எண்ணி எழுதச் சொல்ல வேண்டும். அதன் பிறகு இன்னொருவர் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறைந்ததை டெலிவரிக்காரரின் பில் நகலிலேயே எழுதி அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொண்டால், ‘அடுத்த லோடில் வரும்’ என்ற வாய்ப்பேச்சுக்கு இடமிருக்காது. ஆர்டர் போடுகிறவரும் சரக்கை எண்ணி வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

இனி உண்மையான திருட்டு. கடையில் ஐயாயிரம் பொருள் இருந்தால் அத்தனையையும் தினமும் எண்ண முடியாது, எண்ணத் தேவையும் இல்லை. எல்லாப் பொருளும் ஒரே மாதிரி திருடு போவதில்லை. குற்றவியல் ஆய்வாளர் ரொனால்ட் கிளார்க் 1999இல் பிரிட்டன் உள்துறைக்காக எழுதிய அறிக்கையில், திருடர்கள் விரும்பும் பொருள்களின் குணங்களை வகைப்படுத்தினார். மறைக்க எளிது, தூக்கிச் செல்ல எளிது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, விலை உண்டு, வைத்திருக்க ஆசை வரும், எளிதாக விற்றுவிடலாம். நம் கடையில் இதற்குப் பொருந்துவது எது என்று நடந்து பார்த்தாலே தெரியும். ஷேவிங் கார்ட்ரிட்ஜ், முகக் க்ரீம், பெர்ஃப்யூம், பெரிய சாக்லேட், முந்திரி, ஏலக்காய், குழந்தைகளுக்கான பால் பவுடர். பன்னிரண்டு பொருளைத் தேர்ந்தெடுத்து, நாளுக்கு மூன்று முறை எண்ணினால் போதும். காலை ஏழு மணிக்குக் கடை திறக்கும்போது, மாலை நான்கு மணிக்கு, இரவு பத்து மணிக்கு அடைக்கும்போது. ஒவ்வொரு முறையும் அதுவரை விற்றதைக் கணினியில் பார்த்து ஒப்பிட வேண்டும். கால் மணி நேரத்தில் முடிகிற வேலை.

எத்தனை போயிற்று என்பதை மாதக் கடைசி எண்ணிக்கையே சொல்லிவிடும். எப்போது போயிற்று என்பதை இந்த மூன்று வேளை எண்ணிக்கைதான் சொல்லும். நேரம் தெரிந்தால் பாதி விடை தெரிந்தது போல.

நம் கணக்குக் கடையில் இரண்டு வாரம் இப்படி எண்ணினால் நோட்டில் இரண்டு விதமான வரிகள் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஷேவிங் கார்ட்ரிட்ஜ் ஆறு பாக்கெட் குறைந்திருக்கிறது. ஐந்து, சனி ஞாயிறு மாலை நான்கிலிருந்து பத்துக்குள். கால் கிலோ முந்திரி நான்கு பாக்கெட் குறைந்திருக்கிறது. நான்கும் இரவு பத்து மணிக்கு இருந்து, காலை ஏழு மணிக்கு இல்லாதவை.

முதலாவது, கூட்டத்தில் வருகிறவர்கள் எடுப்பது. இதற்கு அந்தக் கொக்கிகளைப் பில் கவுன்ட்டருக்குப் பின்னால் மாற்றலாம். அல்லது கொக்கிக்கு நான்கு பாக்கெட் மட்டும் மாட்டி மீதியை உள்ளே வைக்கலாம். நான்கில் ஒன்று போனால் கண்ணுக்குத் தெரியும், இருபதில் ஒன்று போனால் தெரியாது. ரேக் உயரத்தைக் கண் மட்டத்துக்குக் கீழே குறைப்பதும், அந்த வரிசையில் ஒருவர் நின்று “என்னண்ணே தேடுறீங்க?” என்று கேட்பதும் நன்றாக வேலை செய்யும். வாங்க வந்தவருக்கு அது உபசாரம். வேறு எண்ணத்தோடு வந்தவருக்கு, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்ற சேதி.

இரண்டாவது, உள்ளே இருப்பவர்கள் எடுப்பது. இரவு அடைத்த பிறகும் காலை திறக்கும் முன்பும் கடையில் இருப்பவர்கள் சிலர்தான். கூட்டிப் பெருக்கி, காலி அட்டைப்பெட்டிகளையும் குப்பையையும் வெளியே போடுவது அந்த நேரத்தில்தான். மூடிய அட்டைப்பெட்டி ஒன்று குப்பையோடு வெளியே போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இதற்கு ஒரே விதி போதும்: எந்தப் பெட்டியும் பிரித்து, தட்டையாக மடித்த பிறகுதான் வெளியே போக வேண்டும். அதையும் இருவர் சேர்ந்துதான் செய்ய வேண்டும். மறுநாளிலிருந்து முந்திரி குறைவது நின்றுவிட்டால், வழி அதுதான் என்று உறுதியாகிவிடும்.

கேமராவுக்கு வேலை இந்த இடத்தில்தான் வருகிறது. பதினைந்து நாள் காட்சியை யாரும் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. அதற்குள் பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்தும் விடும். ஆனால் ‘ஞாயிறு மாலை, நான்கு முதல் பத்துக்குள், மூன்றாவது ரேக்’ என்று தெரிந்தால், படத்தை வேகமாக ஓட்டி அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

இன்னொரு வகை இருக்கிறது. கோதுமை மாவு ஐந்து கிலோ பை, ஐந்து லிட்டர் எண்ணெய் டின், பெரிய சலவைத்தூள் பாக்கெட் என்று பருமனான சரக்கு குறையும். ஐந்து கிலோ மாவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு யாரும் போக முடியாது. அது பில் கவுன்ட்டரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், அல்லது பின்வாசல் வழியாக.

கவுன்ட்டரில் அது நடக்கும் விதம் இப்படி. வாடிக்கையாளர் சாமான்களைக் காட்டுகிறார், தொகையைக் கேட்டு ரொக்கம் கொடுக்கிறார், பில் வாங்காமல் கிளம்பிவிடுகிறார். அவர் போனதும் பில்லில் இருந்த ஒரு வரி கேன்சல் ஆகிறது. அந்தப் பொருள் கணினிப்படி விற்கவில்லை, அதற்கான பணம் கணினிப்படி வரவில்லை. கேன்சலான தொகையைக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொண்டால் இரவுக் கணக்கு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகும். அதனால் கல்லா சரியாக இருப்பது எதற்கும் சான்று ஆகாது. பார்க்க வேண்டியது கேன்சல் பட்டியலை. பெரும்பாலான பில்லிங் மென்பொருள்களில் எந்த ஆள், எந்த நேரம், எந்தப் பொருளை நீக்கினார் என்ற அறிக்கை கிடைக்கும். கேன்சல் என்பதே தவறல்ல. “இது வேண்டாம்மா” என்று வாடிக்கையாளர் சொல்வது தினமும் நடப்பதுதான். ஆனால் ஒரே வேலை நேரத்தில் இருவரில் ஒருவருக்கு மட்டும் பல மடங்கு கேன்சல், அதுவும் பணம் வாங்கிய பிறகு, அதுவும் ரொக்க பில்களில் மட்டும் என்றால் அது தனியாகத் தெரியும். பில் அச்சான பிறகு வரியை நீக்க மேற்பார்வையாளரின் கடவுச்சொல் வேண்டும் என்று அமைத்துவிட்டால் இந்த வழி பெரும்பாலும் அடைபடும்.

இந்தப் பிரச்சினை கல்லா இயந்திரத்தைவிட வயதில் மூத்தது. சொல்லப்போனால் அந்த இயந்திரம் பிறந்ததே இதனால்தான். அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் மதுக்கூடம் நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, வியாபாரம் நன்றாக நடந்தும் பணம் தங்காததைக் கண்டு நொந்துபோனவர். கப்பலில் பயணம் போனபோது, அதன் சுழல் விசிறி எத்தனை முறை சுற்றியது என்று எண்ணும் கருவியைப் பார்த்தார். அதே போல ஒவ்வொரு விற்பனையையும் எண்ணிக் காட்டும் இயந்திரத்தை 1879இல் செய்து காப்புரிமை பெற்றார். பின்னால் வந்த இயந்திரங்களில் மணியும் ரசீதுத் தாளும் சேர்ந்தன. மணி முதலாளியின் காதுக்கு, ரசீது வாடிக்கையாளரின் கண்ணுக்கு. ‘பில் கேட்டு வாங்குங்கள்’ என்று கவுன்ட்டரில் அட்டை மாட்டியிருக்கிறதே, அது வாடிக்கையாளரையும் ஒரு சாட்சியாக நிறுத்துகிற ஏற்பாடுதான்.

யாரும் எடுக்காமலே குறையும் சரக்கும் உண்டு. கடையில் பொட்டலம் போடும் ஏலக்காய் அதற்கு நல்ல உதாரணம். தராசின் முகப்பில் சிறிய எழுத்தில் Max 30 kg, Min 100 g, e = 5 g என்று அச்சிட்டிருக்கும். ஐந்து கிராம் படியாக எண் மாறும் தராசு அது. நூறு கிராமுக்குக் கீழே எதையும் அதில் நிறுக்கக் கூடாது என்பதே அந்த Min 100 g என்பதன் பொருள். அதில் 50 கிராம் ஏலக்காய் நிறுத்தால், உண்மையில் 52 கிராம் இருந்தாலும் 50 என்றே காட்டும். குறைந்துவிடக் கூடாதே என்று இரண்டு காயைச் சேர்த்துப் போடுவது கையின் இயல்பு. கிலோ 3,000 ரூபாய் என்றால் இரண்டு கிராம் ஆறு ரூபாய். நூறு பொட்டலத்தில் 600 ரூபாய் போய்விடும், பொட்டலம் போட்டவர் மேல் துளியும் குற்றமில்லாமல். தராசு மறுபக்கம் சாய்ந்தால் வாங்குகிறவருக்கு நஷ்டம், முத்திரை ஆய்வாளர் வந்தால் கடைக்காரருக்கு அபராதம். ஏலக்காய், கிராம்பு, குங்குமப்பூ நிறுக்க ஒரு கிராமோ அதற்குக் குறைவாகவோ படி உள்ள, முத்திரையிட்ட சிறிய தராசைத் தனியாக வைத்துக்கொள்வதுதான் வழி.

மூட்டைச் சரக்கும் இப்படித்தான். பருப்பு மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போட்டால் தூசியும் உடைசலும் ஈரம் காய்வதும் சேர்ந்து கொஞ்சம் குறையும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதை ஊகித்து விட்டுவிடக் கூடாது. பத்து மூட்டையைத் தன் கண் முன்னே பொட்டலம் போட வைத்து, வெறும் சாக்கையும் கூட்டி எடுத்த தூசியையும் தனியாக நிறுத்து, ஒவ்வொரு பருப்புக்கும் அந்தக் கடையின் அளவைக் கண்டுபிடித்து எழுதி வைக்க வேண்டும். அதைத் தாண்டிக் குறையும்போது மட்டும் கேள்வி கேட்டால் போதும்.

கடைசியாக, ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டால். நம் கடைகளில் மிக மோசமாக நடப்பது இந்த இடத்தில்தான். அறையில் பூட்டி வைப்பது, அடிப்பது, படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் விடுவது. இவை தனியே குற்றங்கள். ஆளை அடைத்து வைத்தால் புகார் கடைக்காரர் மேலேயே திரும்பும். கேட்டுப் பார்த்து, பொருளை வாங்கிக்கொண்டு அனுப்பலாம், இல்லையென்றால் காவல் நிலையத்துக்குச் சொல்லலாம். பெண் என்றால் பெண் ஊழியரோடுதான் பேச வேண்டும், பையைத் தொட்டுச் சோதிப்பது போலீஸின் வேலை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு இதில் ஒரு கருணையும் காட்டுகிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறையாகத் திருடி, அதைத் திருப்பிக் கொடுத்தவருக்குச் சிறைக்குப் பதில் சமூக சேவையே தண்டனை. வேலை பார்க்கும் இடத்தில் முதலாளியின் பொருளைத் திருடினால் 306ஆம் பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

அதைவிடப் பரவலான தவறு ஒன்று இருக்கிறது. மாதக் கடைசி ஷார்ட்டேஜை எல்லா ஊழியர்களின் சம்பளத்திலும் சமமாகப் பிரித்துப் பிடிப்பது. தன் பொறுப்பில் இருந்த சரக்கு தன் தவறால் போனது என்று தெரிந்து, அவரிடம் விளக்கம் கேட்ட பிறகு பிடித்தம் செய்வதற்குத்தான் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த நெய்க் கணக்கை நினைத்துப் பார்க்கலாம். பத்து பேர் வேலை பார்க்கும் கடையில் ஆளுக்கு 374 ரூபாய் பிடித்திருப்பார்கள். அதில் நான்கு பாட்டில் கடைக்கு வரவே இல்லை, நான்கு பாட்டில் வேறு பெயரில் விற்றுப் பணமும் வந்தாயிற்று. செய்யாத தவறுக்குச் சம்பளம் இழந்தவர் அடுத்த முறை பாட்டில் கைதவறி உடைந்தால் சொல்ல மாட்டார். துண்டுகளை அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவார். மறுமாதம் அதுவும் ஷார்ட்டேஜில் சேரும்.

நம் அண்ணாச்சி குடோன் கதவில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். உடைந்தது, கசிந்தது, எலி கடித்தது, தேதி முடிந்தது எதுவானாலும் எழுதலாம், எழுதியவர் பெயர் வேண்டாம், சம்பளத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொன்னார். முதல் வாரத்தில் அந்த நோட்டில் ஏறிய பதினான்கு வரிகளும் அதுவரை எந்தக் கணக்கிலும் வராதவை.

அந்த ஒற்றை நெய் பாட்டிலை அவர் ‘தெரியவில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறார். அடுத்த மாதமும் நெய்யை எண்ணுவார்.